கிழக்கால போகிற இரண்டு தண்டுகள்

அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் டியூஷன் பிள்ளைகளுக்கு ஒரு மாதிரித் தேர்வு வைத்தேன். மின்காந்தத் தூண்டலும் மாறுதிசை மின்னோட்டமும் மட்டும். அதில் ஒரு மூன்று மதிப்பெண் கணக்குக்கு நான் எழுதி வைத்திருந்த விடைக்குறிப்பு தப்பு. இதொன்றும் உலக அதிசயம் இல்லை, டியூஷன் நடத்துகிறவர்கள் எல்லோரும் என்றைக்காவது செய்வதுதான். என்னை உறுத்தியது வேறு. மொத்தம் 31 தாள், அதில் 22 பேர் என் தப்பான விடையையே எழுதியிருந்தார்கள். என் குறிப்பை யாரும் பார்த்திருக்க வழியில்லை, அது என் பீரோவுக்குள் இருந்தது. ஆளாளுக்கு உட்கார்ந்து, தனித்தனியாகக் கணக்குப் போட்டு, நான் தப்பு செய்த அதே இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

கணக்கு இதுதான். இரண்டு தண்டவாளங்கள், நடுவே அரை மீட்டர் இடைவெளி, கிழக்கு மேற்காகப் போகின்றன. (தாளில் இடது, வலது என்றுதான் போட்டிருந்தேன். ஆனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எல்லாமே கிழக்கால, மேற்கால, வடக்கால, தெற்கால தான். பேருந்தில் இடம் கேட்டால்கூட 'கொஞ்சம் தெக்க தள்ளி உக்காருங்க' என்பார்கள். வகுப்பில் நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன்.) தண்டவாளங்களின் மேல் குறுக்கே இரண்டு உலோகத் தண்டுகள், ஒவ்வொன்றுக்கும் மின்தடை 0.5 ஓம். தண்டவாளத்துக்கு மின்தடை இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். காந்தப்புலம் 0.4 டெஸ்லா, செங்குத்தாகத் தரையை நோக்கிக் கீழே போகிறது. மேற்குத் தண்டு நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் கிழக்கே போகிறது, கிழக்குத் தண்டு நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் அதுவும் கிழக்கே போகிறது. சுற்றில் ஓடும் மின்னோட்டம் எவ்வளவு?

எல்லோரும் Blv போட்டார்கள். மேற்குத் தண்டில் 0.4 × 0.5 × 2, அதாவது 0.4 வோல்ட். கிழக்குத் தண்டில் 0.4 × 0.5 × 5, அதாவது 1 வோல்ட். இதுவரை யாரும் தப்பு செய்யவில்லை. அடுத்த வரியில் இரண்டையும் கூட்டி 1.4 வோல்ட், மொத்த மின்தடை 1 ஓம், ஆகவே 1.4 ஆம்பியர். அடியில் இரண்டு கோடு, சுற்றி ஒரு கட்டம். என் குறிப்பிலும் அதேதான்.

எனக்கு அது எப்படி வந்தது என்பது தெரியும். முந்தின வருஷத் தாளில் மேற்குத் தண்டு மேற்கே போனது, கிழக்குத் தண்டு கிழக்கே போனது, இரண்டும் விலகிப் போயின. அந்தக் கணக்குக்கு 1.4 சரியான விடை. பழைய பிள்ளைகளிடம் கேட்டு எழுதிவிடுவார்களே என்று இந்த வருஷம் ஓர் அம்பை மட்டும் திருப்பிப் போட்டேன். எண்கள் ஒன்றும் மாறவில்லை, அதனால் விடையும் மாறாது என்று என் கை தானாக முடிவு செய்துவிட்டது. இருபது வருஷமாக இந்தப் பாடம் நடத்துகிற கை.

தாள் கொடுத்த அன்றைக்குச் சாயங்காலம் எல்லோரும் கிளம்பின பிறகு ஒரு பெண் மட்டும் நின்றாள், வடுவூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளை. அவள் விடை 0.6. நான் சிவப்பு மையில் அடித்திருந்தேன். அவள் சண்டைக்கெல்லாம் வரவில்லை, ஒரே ஒரு கேள்வி கேட்டாள். 'சார், ரெண்டு தண்டும் ஒரே வேகத்துல கெழக்கால போச்சுன்னா கரண்ட் ஓடுமா சார்?'

ஓடாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். இரண்டும் ஒரே வேகத்தில் போனால் நடுவில் இருக்கும் பரப்பு மாறாது, பரப்பு மாறாவிட்டால் அதன் வழியே போகும் காந்தப்பாயம் மாறாது, பாயம் மாறாவிட்டால் ஃபாரடே விதிப்படி சுற்றில் ஒன்றும் ஓடாது. திறந்த வாய் அப்படியே நின்றது. என் முறைப்படி கூட்டினால் இரண்டும் 5 மீட்டர் வேகத்தில் போகும்போது 2 ஆம்பியர் ஓட வேண்டும்.

திசை கடைசி வரியில் இல்லை

அவள் செய்தது சாதாரண வேலை. எண்ணைத் தொடுவதற்கு முன்னால் படத்தில் ஒவ்வொரு தண்டின் பக்கத்திலும் ஓர் அம்பு போட்டிருந்தாள். தண்டு கிழக்கே போகிறது, புலம் கீழே போகிறது, ஃபிளமிங் வலக்கை விதிப்படி மின்னியக்கு விசை வடக்கு நோக்கி. இரண்டு தண்டுக்கும் ஒரே இயக்கத் திசை, ஒரே புலம், ஆகவே இரண்டிலும் வடக்கு நோக்கித்தான். இப்போது சுற்றை ஒரு வட்டமாக நினைத்துப் பாருங்கள். கிழக்குத் தண்டில் வடக்கு நோக்கித் தள்ளினால் மேலிருந்து பார்க்கிறவனுக்கு மின்னோட்டம் இடஞ்சுழியாகச் சுற்றும். மேற்குத் தண்டில் வடக்கு நோக்கித் தள்ளினால் வலஞ்சுழியாகச் சுற்றும். டார்ச் லைட்டில் ஒரு பேட்டரியைத் திருப்பிப் போட்ட மாதிரி இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. 1 வோல்ட் ஒரு பக்கம், 0.4 வோல்ட் எதிர்ப்பக்கம், மிச்சம் 0.6. இடஞ்சுழியாக 0.6 ஆம்பியர். லென்ஸ் விதியால் ஒத்துப் பார்த்தாலும் அதுவே வருகிறது: கிழக்குத் தண்டு வேகமாக ஓடுவதால் பரப்பு பெருகுகிறது, கீழே போகும் பாயம் கூடுகிறது, அதை எதிர்க்க மேல்நோக்கிப் புலம் தர வேண்டும், அதற்கு இடஞ்சுழி மின்னோட்டம்தான் வேண்டும்.

இத்தனை வருஷமும் நான் சொல்லிக்கொடுத்த வரிசை வேறு. முதலில் சூத்திரம், அப்புறம் எண், அப்புறம் விடை, கேட்டிருந்தால் மட்டும் கடைசியில் 'லென்ஸ் விதிப்படி திசை இடஞ்சுழி' என்று ஒரு வரி. திசை என்பது அரை மதிப்பெண் சமாச்சாரம், பாயசத்தில் போடும் முந்திரி மாதிரி என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள் என்றால் அப்படி நினைக்க வைத்தவன் நான். ஒரே ஒரு தண்டு உள்ள கணக்கில் இந்த வரிசையால் நஷ்டம் இல்லை, திசை தப்பானாலும் எண் தப்பாது. பயிற்சிக்கு நாம் கொடுப்பதெல்லாம் பெரும்பாலும் ஒரு தண்டுக் கணக்கு. சுற்றுக்குள் இரண்டாவதாக ஒரு மின்னியக்கு விசை வந்தவுடனே, அது இன்னொரு தண்டாக இருக்கட்டும், ஒரு பேட்டரியாக இருக்கட்டும், கூட்டுவதா கழிப்பதா என்பதையே திசைதான் முடிவு செய்கிறது. திசை தெரியாமல் எண் கிடைக்காது.

0.6 எழுதிய இன்னொரு பையனையும் மறுநாள் கூப்பிட்டு எப்படிப் போட்டாய் என்று கேட்டேன். 'பெரிசுலேர்ந்து சின்னத கழிச்சேன் சார்' என்றான். ஏன் கழித்தாய்? 'ரெண்டு தண்டு இருந்தா கழிக்கணும்ல சார்.' விலகிப் போனாலும் கழிப்பாயா என்றேன். ஆமாம் என்றான். அவன் விடை சரி, அதற்கு நான் முழு மதிப்பெண்ணும் போட்டாக வேண்டும். ஆனால் அவனும் மற்ற 22 பேரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், அவனுக்குத் தெரியாது. நீட் மாதிரித் தேர்வில் 0.6, 1.4 இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் விருப்ப விடையாக நிற்கும், ஒன்றைத் தொட்டால் 4, மற்றதைத் தொட்டால் கையில் இருப்பதில் 1 போகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் எனக்குத் தூக்கம் போனது. விடை சரியா என்று பார்க்க நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் வழி, திறனைக் கணக்கிட்டுப் பார்ப்பது. கை கொடுக்கும் திறனும் மின்தடையில் வெப்பமாகப் போகும் திறனும் சமமாக இருக்க வேண்டும். அதை 1.4 ஆம்பியருக்குப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தண்டின் மேலும் விசை 0.4 × 1.4 × 0.5, அதாவது 0.28 நியூட்டன். இரண்டு விசையும் இயக்கத்தை எதிர்ப்பதாக வைத்தால் கைகள் கொடுக்கும் திறன் 0.28 × 5 + 0.28 × 2 = 1.96 வாட். வெப்பம் 1.4 × 1.4 × 1 = 1.96 வாட். கச்சிதமாக ஒத்துப் போகிறது! தப்பான விடை தன்னையே சரி என்று சாட்சி சொல்கிறது. திசையில் விட்ட அதே பிழையை இரண்டு இடத்திலும் விட்டால் ஒன்றை ஒன்று மறைத்துவிடும்.

பிடிபடுவது விசையின் திசையில்தான். ஒரு வளையமாக ஓடும் மின்னோட்டம் கிழக்குத் தண்டில் வடக்கே போனால் மேற்குத் தண்டில் தெற்கேதான் வர வேண்டும். ஒரே புலத்தில் எதிரெதிரான மின்னோட்டம், ஆகவே விசைகளும் எதிரெதிராகத்தான் இருக்க முடியும். இரண்டும் மேற்கே இழுப்பது நடக்கவே நடக்காது. சரியான கணக்கில் கிழக்குத் தண்டை 0.12 நியூட்டன் விசை மேற்கே இழுக்கிறது, அதே 0.12 நியூட்டன் மேற்குத் தண்டைக் கிழக்கே தள்ளுகிறது. அதாவது அது போகிற திசையிலேயே தள்ளுகிறது! அதை 2 மீட்டர் வேகத்தில் வைத்திருக்க வேண்டுமானால் பின்னாலிருந்து பிடித்து நிறுத்த வேண்டும். கிழக்குக் கை 0.6 வாட் கொடுக்கிறது, மேற்குக் கை 0.24 வாட் வாங்கிக்கொள்கிறது, மிச்சம் 0.36 வாட். 0.6 × 0.6 × 1 எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

'லென்ஸ் விதி எதிர்க்கும்' என்று ஒரே சொல்லில் நாம் முடித்துவிடுவதால் வரும் வினை இது. எதை எதிர்க்கும்? இயக்கத்தை இல்லை, பாய மாற்றத்தை. பரப்பு பெருகுவதைத் தடுக்க ஓடுகிற தண்டை இழுத்துப் பிடிக்கலாம், பின்தங்கின தண்டை முன்னால் தள்ளியும் விடலாம். இங்கே இரண்டையுமே செய்கிறது.

குறைகிற மின்னோட்டத்துக்கு முட்டுக் கொடுப்பது

அதே தாளில் இன்னொரு கணக்கு இருந்தது, அதன் விடைக்குறிப்பு நல்லவேளையாகச் சரி. 3 ஓம் மின்தடையும் 20 மில்லிஹென்றி மின்தூண்டியும் தொடராக இருக்கின்றன, மேற்கு முனையிலிருந்து கிழக்கு முனைக்கு 2 ஆம்பியர் ஓடுகிறது, அது நொடிக்கு 400 ஆம்பியர் வீதத்தில் குறைந்துகொண்டிருக்கிறது. இரண்டு முனைகளுக்கும் மின்னழுத்த வேறுபாடு எவ்வளவு? மின்தடையில் 6 வோல்ட், மின்தூண்டியில் 0.02 × 400, அதாவது 8 வோல்ட். பாதி வகுப்பு 14 என்று எழுதியது.

மின்தூண்டியில் தோன்றுவதற்குப் புத்தகம் வைத்திருக்கும் பெயரே 'எதிர் மின்னியக்கு விசை'. பெயரைப் பார்த்தால் எப்போதும் எதிர்த்துக்கொண்டே இருக்கும் போலத் தோன்றுகிறது. ஆனால் மின்னோட்டம் குறையும்போது சுருள் எதிர்ப்பது அந்தக் குறைவை. அதனால் ஓடுகிற திசையிலேயே தள்ளி முட்டுக் கொடுக்கிறது, கிழக்கு முனைப் பக்கம் நேர்முனை வைத்த ஒரு பேட்டரியாக மாறுகிறது. மேற்கு முனையில் 10 வோல்ட் என்று வைத்து நடந்து பாருங்கள். மின்தடையைத் தாண்டினால் 4, சுருளைத் தாண்டினால் 8 ஏறி 12. மின்னோட்டம் மேற்கிலிருந்து கிழக்கே போகிறது, ஆனால் கிழக்கு முனைதான் 2 வோல்ட் உயரத்தில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இது பிடிக்கவில்லை. தண்ணீர் மேட்டுக்கு ஏறுமா சார் என்கிறார்கள். ஏறும், நடுவில் ஒரு மோட்டார் இருந்தால். அந்த நேரத்தில் சுருள்தான் மோட்டார்.

14 வோல்ட் என்பது மின்னோட்டம் அதே வீதத்தில் ஏறிக்கொண்டிருந்தால் வரும் விடை. என் 1.4 போலவே இதுவும் வேறொரு கேள்விக்குச் சரியான விடை.

மாறுதிசை மின்னோட்டத்தில் இது நொடிக்கு 50 சுற்று நடக்கிறது. ஒரு சுற்று 20 மில்லிநொடி. முதல் 5 மில்லிநொடி மின்னோட்டம் ஏறுகிறது, சுருள் எதிர்க்கிறது. அடுத்த 5 மில்லிநொடி இறங்குகிறது, சுருள் முட்டுக் கொடுக்கிறது. 'மின்னழுத்தம் 90 பாகை முந்தும்' என்று மனப்பாடம் செய்கிறோமே, அது இந்தக் கதைதான். கூடவே மின்தேக்கியும் தொடராக இருந்தால், மின்னோட்டம் சுழியைத் தொட்டுத் திசை மாறி ஏறத் தொடங்கும் அந்தக் கணத்தைப் பார்த்தால் போதும்: சுருள் ஏறாதே என்று முழு பலத்தோடு தடுக்கும், அதுவரை எதிர்ப்பக்கமாக மின்னேற்றம் வாங்கி நிரம்பியிருக்கும் மின்தேக்கி போ போ என்று தள்ளும். இரண்டும் எப்போதும் எதிரெதிர். அதனால்தான் மின்தடையில் 80, சுருளில் 120, மின்தேக்கியில் 60 வோல்ட் என்று கொடுத்தால் மூலம் 260 இல்லை. 120இல் 60 கழிந்து 60, அதற்குச் செங்குத்தாக 80, ஆக 100 வோல்ட். மூலத்தைவிடச் சுருளில் அதிகம் இருக்கிறதே என்று பயந்து விடையை அடித்துவிட்டு 260 எழுதிய பையனும் உண்டு, பாவம்.

அம்மீட்டர் சொல்லாதது

இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தபோது எங்கள் வயல் மோட்டார் ஞாபகம் வந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப் போன பிறகு எங்கள் பக்கம் கம்பமே மிச்சமில்லை. வெளி மாவட்டத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து, சேற்றில் நின்று, புதுக் கம்பம் நட்டு லைன் இழுத்தார்கள். பல நாள் கழித்துக் கரண்ட் வந்து அப்பா ஸ்டார்ட்டரைப் போட்டால் மோட்டார் ஓடுகிறது, போரில் தண்ணீர் வருகிறது, ஆனால் நூல் மாதிரி. மோட்டார் போயிடுச்சு என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் இயற்பியல் வாத்தியார் ஆயிற்றே, போய்ப் பார்த்தேன். மூன்று முனையிலும் வோல்ட் சரியாக இருக்கிறது, 400 சொச்சம். அம்மீட்டர் முள் எங்கேயோ நிற்கிறது. எண் எல்லாம் இருக்கிறது, தண்ணீர் மட்டும் இல்லை.

வயர்மேன் வந்தார். மீட்டரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 'அண்ணே, லைன் புதுசா இழுத்துருக்காங்கல்ல, ரிவர்ஸ்ல ஓடுது' என்று ஸ்டார்ட்டரில் இரண்டு வயரைக் கழற்றி ஒன்றின் இடத்தில் மற்றதை முடுக்கினார். தண்ணீர் தொட்டியில் விழுந்த சத்தம் வரப்பு வரைக்கும் கேட்டது. மூன்று முனை மின்னோட்டங்களும் ஒன்றின் பின் ஒன்றாக, மூன்றில் ஒரு பங்கு சுற்று இடைவெளியில் உச்சத்துக்கு வருகின்றன. அவை வரும் வரிசைதான் உள்ளே காந்தப்புலம் எந்தப் பக்கம் சுழலும் என்பதை முடிவு செய்கிறது. எந்த இரண்டை மாற்றினாலும் வரிசை திரும்பிவிடும். அளவு ஒன்றும் மாறாது, ஒரு வோல்ட் கூட மாறாது. பம்பின் இறக்கைகள் மட்டும் தலைகீழாகச் சுற்றிக்கொண்டு தண்ணீரை ஏற்ற முடியாமல் கிடக்கும்.

இந்த மாதம் முதல் கணக்குத் தாளை இரண்டு தடவையாகக் கொடுக்கிறேன். முதலில் எண்களே இல்லாத தாள்: படம், புலம், எது எந்தப் பக்கம் போகிறது, எது கூடுகிறது அல்லது குறைகிறது, அவ்வளவுதான். பென்சிலால் அம்புகளைப் போட்டுக் காட்டினால்தான் எண் கொடுப்பேன். பத்து நிமிஷம் போகிறது, முனகல் நிறைய. 'நம்பர் குடுங்க சார், போட்டுர்றோம்' என்கிறார்கள். என்னோடு சேர்ந்து நடத்தும் வேதியியல் ஆசிரியருக்கும் இது பிடிக்கவில்லை, பரீட்சையில் இதற்கெல்லாம் நேரம் ஏது, சூத்திரம், பிரதியிடல், அலகோடு விடை என்றுதானே மார்க் போடுகிறார்கள் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் பார்த்த விடைக்குறிப்புகள் பலவற்றில் அம்புக்கு மார்க் கிடையாது.

போன வாரம் அந்த எண் இல்லாத தாளில் பழைய இரண்டு தண்டுகளையே திரும்பவும் கொடுத்தேன். அம்பெல்லாம் போட்டு முடித்துவிட்டு, வடுவூர்ப் பெண் கேட்டாள். 'சார், கெழக்குத் தண்ட மட்டும் அதே வேகத்துல இழுத்துக்கிட்டே போயி, மேற்குத் தண்ட புடிக்காம விட்டுட்டா?' உராய்வு இல்லை என்றால் அது கிழக்கே தள்ளப்பட்டு வேகம் பிடிக்கும் என்றேன். வேகம் பிடிக்கப் பிடிக்க வித்தியாசம் குறையும், மின்னோட்டம் குறையும், தள்ளும் விசையும் குறையும். கடைசியில் முன்னால் போகிறதன் வேகத்தை எட்டிவிட்டால் மின்னோட்டமே இல்லை. 'அதுக்கு ஒரு பாரத்த கட்டிவிட்டா சார்?' அப்போது எட்டவே எட்டாது, பாரத்தை இழுக்க விசை வேண்டும், விசைக்கு மின்னோட்டம் வேண்டும், மின்னோட்டத்துக்குக் கொஞ்சமாவது பின்தங்கித்தான் ஆக வேண்டும்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. மறுநாள் காலையில் வயலுக்குப் போய் மோட்டார் கொட்டகையில் கிடந்த பழைய மோட்டாரின் தகட்டைத் துடைத்துப் பார்த்தேன். 50 ஹெர்ட்ஸ் லைனில், இரண்டு துருவ மோட்டாருக்குள் புலம் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது. தகட்டில் அடித்திருந்தது 2880.